தீபாவளி போனஸ் 24,000, மாதம் 2,000 சம்பள உயர்வு: தொகை ஒன்றுதான், செலவு மட்டும் ஏன் வேறு?

வாலாஜா_கணக்கர்

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஷூ அப்பர் தைக்கும் ஒரு தொழிற்சாலையில், டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். 2024 ஏப்ரலில் எனக்கு மாதம் 2,000 ரூபாய் சம்பளம் உயர்ந்தது. அதே ஆண்டு தீபாவளிக்குப் போனஸாக 24,000 ரூபாய் வந்தது. ஓர் ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே தொகை. பல ஆண்டுகளாக வீட்டுச் செலவை நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால், இரண்டும் எங்கே போயின என்று உட்கார்ந்து பார்த்தேன்.

போனஸ் போன வழி தெளிவாக இருக்கிறது. வேலூருக்குப் போய் எடுத்த துணிமணி 7,800, பட்டாசும் பலகாரமும் 3,200, தலைதீபாவளி கொண்டாடிய மைத்துனிக்குச் சீர் 2,000, பழையதைக் கொடுத்து மாற்றிய வாஷிங் மெஷினுக்கு 8,500, தபால் நிலையத்தில் போட்டது 2,500. உயர்வுப் பணத்துக்கு இப்படி ஒரு வரிகூட நோட்டில் இல்லை. உயர்வுக்கு முன் மாதச் செலவு சராசரியாக 17,400 ஆக இருந்தது. அடுத்த ஓராண்டில், தீபாவளிச் செலவை நீக்கிப் பார்த்தால், 19,300 ஆகியிருக்கிறது.

போனஸ் என்றால் கை தாராளமாகிவிடுகிறது, சம்பளம் என்றால் சிக்கனமாக இருக்கிறோம் என்று என் மனைவி சொல்கிறார். இதற்கு ஏதோ ஒரு பெயர் உண்டு என்று எங்கோ படித்த நினைவு. தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

ஷிப்ட்_பி

அண்ணா, எனக்குச் சம்பளம் 23,000. போனஸ் எனக்குக் கிடையாது என்று எங்கள் கம்பெனியில் சொல்கிறார்கள். இது சரியா?

வாலாஜா_கணக்கர்

தம்பி, இந்த இழை அதைப் பற்றியது அன்று. இருந்தாலும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1965 ஆம் ஆண்டின் போனஸ் சட்டத்தில், 2015 திருத்தத்தின்படி, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 21,000 வரை வாங்குபவருக்குத்தான் உரிமை வைத்தார்கள். உங்கள் 23,000 இல் வீட்டு வாடகைப்படி முதலியவை எவ்வளவு என்பதைச் சம்பளச் சீட்டில் பார்த்துவிட்டுத் தனி இழையில் கேளுங்கள்.

ஆம்பூர்க்காரன்

விடை எளிது. போனஸ் இலவசமாக வந்த பணம். இலவசமாக வந்தது இலவசமாகவே போகும். சம்பளம் உடம்பு நோக உழைத்து வாங்கியது, எனவே மனம் வராது. எங்கள் ஊரில் போனஸ் போட்ட அன்று மாலை பிரியாணிக் கடைகளில் அண்டா காலியாகும் வேகத்தைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உண்மையில் அது இலவசமும் இல்லை. முன்பு வாரக் கூலி இருந்தது; ஆண்டுக்கு 52 வாரம். வெள்ளைக்காரன் மாதச் சம்பளமாக மாற்றியபோது, மாதத்துக்கு நான்கு வாரம் என்று 48 வாரத்துக்குத்தான் கொடுத்தான். விழுங்கிய அந்த நான்கு வாரக் கூலியைத்தான் போராடிப் போனஸாக வாங்கினோம்.

பொருளியல்_வாத்தியார்

வேலூரில் ஒரு கல்லூரியில் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கணக்கர் நோட்டைப் பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது, அவர் வீட்டில் எடுத்த முடிவு பாதி தலைகீழாக இருக்கிறது என்பதே.

போனஸில் 2,500 சேமிப்புக்குப் போயிருக்கிறது. வாஷிங் மெஷினை அன்றே தின்று தீர்த்த செலவாகக் கொள்ள முடியாது. பத்தாண்டு உழைக்கும் பொருள் அது. ஆக 24,000 இல் 11,000 ஏதோ ஒரு வடிவில் வீட்டில் நிற்கிறது. உயர்வுப் பணத்திலோ மாதம் 2,000 வந்து 1,900 கரைந்திருக்கிறது. ஓராண்டில் நின்றது 1,200 மட்டுமே. எந்தக் கை தாராளமானது? போனஸ் கண்ணுக்குத் தெரியும்படி செலவாகிறது. சம்பள உயர்வு அரை லிட்டர் பாலாகவும், ஷேர் ஆட்டோவுக்குப் பதில் பெட்ரோலாகவும், விலை உயர்ந்த ரீசார்ஜாகவும் ஓசையின்றிப் போகிறது. ஓசை வருகிற இடத்தில்தான் செலவு நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர். 2017 இல் பொருளியல் நோபல் பெற்றவர். அவரும் ஷெஃப்ரினும் 1988 இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கேள்வி வரும். வேலையிடத்தில் உங்களுக்குச் சிறப்பு ஊதியம் தருகிறார்கள். மாதம் 200 டாலராக ஓராண்டுக்குத் தந்தால் எவ்வளவு செலவு செய்வீர்கள், அதையே 2,400 டாலராக ஒரே மாதத்தில் தந்தால் எவ்வளவு செலவு செய்வீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். மாதாமாதம் வந்தால் பாதியை, அதாவது ஆண்டுக்கு 1,200 டாலரைச் செலவு செய்வோம் என்பது நடுவாக நின்ற விடை. மொத்தமாக வந்தால் முதல் மாதம் 400, பிறகு மாதம் 35 என்று 785 தான். கணக்கர் நோட்டும் அந்தத் திசையிலேயே போகிறது.

தமிழில் இதை மனக்கணக்கு என்று எழுதுகிறார்கள். எனக்கு அது உவப்பில்லை. மனக்கணக்கு என்றால் பள்ளிக்கூடத்தில் பேப்பர் இல்லாமல் போடும் கணக்குதான் நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்படுவது அஞ்சறைப்பெட்டியைப் போன்றது. கடுகு அறையில் சீரகத்தைப் போட யாருக்கும் மனம் வராது. பணத்துக்கும் அப்படி அறைகள் உண்டு: மாதச் செலவுக்கு ஒன்று, கைவசச் சேமிப்புக்கு ஒன்று, பின்னால் வரப்போகும் பணத்துக்கு ஒன்று. மாதச் சம்பளத்தோடு வந்தது முதல் அறையில் விழுகிறது; அந்த அறையின் வேலையே காலியாவதுதான். பெருந்தொகையாக வந்தது இரண்டாம் அறைக்குப் போகிறது. அதைத் தொடக் கை கூசும்.

ஆம்பூர்க்காரன்

அப்படியானால் பிரியாணி அண்டா?

பொருளியல்_வாத்தியார்

நல்ல கேள்வி, அங்கே தொகையின் அளவு வருகிறது. இஸ்ரேலில் சில குடும்பங்களுக்கு ஜெர்மனி ஈட்டுத்தொகை வழங்கியது. அவர்கள் செலவை ஆராய்ந்து லாண்ட்ஸ்பெர்கர் என்பவர் 1966 இல் எழுதினார். ஆண்டு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பெற்றவர்கள், பெற்றதில் கால்பங்குக்கும் சற்றுக் குறைவாகவே செலவு செய்தார்கள். வருமானத்தில் 7 விழுக்காடு அளவுக்குச் சிறு தொகை பெற்றவர்களோ, பெற்றதைப் போல் இரண்டு மடங்கு செலவு செய்தார்கள். பணம் என்னவோ ஒரே இடத்திலிருந்துதான் வந்தது.

உங்கள் தொழிற்சாலையில் முழு வருகைக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை தருவார்கள் அல்லவா? அதை வாங்கியவர் வீட்டுக்கு வாங்கிப் போகும் பிரியாணியின் விலை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் பார்த்த அண்டாவைக் காலி செய்தது போனஸின் முதல் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய். அதற்குப் பின்னால் இருக்கும் 20,000 வேறு மனநிலையில் கையாளப்படுகிறது.

52 வாரக் கதையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் ஐப்பசியில் வரும் கதை. மாதச் சம்பளத்தை நான்கு வாரக் கூலியாகத்தான் நிர்ணயிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தொழிலாளர் வரலாற்றில் நாம் காண்பது, முதல் உலகப் போர்க்காலத்தில் 1917 இல் பம்பாய்ப் பஞ்சாலைகள் போர்ப் போனஸ் கொடுக்கத் தொடங்கியதும், பிறகு அதை நிறுத்தியபோது 1924 இல் பெரிய வேலைநிறுத்தம் மூண்டதும்தான். ஆனாலும் உங்கள் கதையில் ஓர் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சட்டம் வைத்த குறைந்த அளவு 8.33 விழுக்காடு. அது பன்னிரண்டில் ஒரு பங்கு. முழுச் சம்பளத்தின் மீது கணக்கிட்டால் சரியாக ஒரு மாதச் சம்பளம். ஆனால் சட்டம் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதால் பலருக்குக் குறைவாக வரும்.

இதைப் பதின்மூன்றாம் மாதக் கூலி என்று நம்புகிறவரும், முதலாளி மனமுவந்து தந்தது என்று நம்புகிறவரும் ஒரே மாதிரி செலவு செய்ய மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எப்லியும் உடன் ஆய்வாளர்களும் 2006 இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், மாணவர்களுக்கு 50 டாலர் கொடுத்து, சிலரிடம் அது கூடுதல் வருமானம் என்றும் சிலரிடம் அவர்கள் கட்டிய கட்டணத்தில் திருப்பித் தந்தது என்றும் சொன்னார்கள். கூடுதல் வருமானம் என்று கேட்டவர்கள் மற்றவர்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் செலவு செய்ததாகச் சொன்னார்கள்.

காட்பாடி_சந்தேகி

ஐயா சொன்ன ஆய்வுகளில் எனக்குக் குறையில்லை. கணக்கர் நோட்டை அவற்றுக்குச் சான்றாக வைப்பதில்தான் குறை காண்கிறேன். இரண்டு இடங்களில் இடிக்கிறது.

முதலாவது விலைவாசி. 17,400 ரூபாய்ச் செலவு 19,300 ஆனதில் எவ்வளவு உயர்வுப் பணத்தின் வேலை, எவ்வளவு தக்காளி, எண்ணெய் விலையின் வேலை? விலை ஓராண்டில் 5 விழுக்காடு ஏறியது என்று வைத்துக்கொண்டால், அதே சாமான்களை வாங்கவே 870 கூடுதலாக வேண்டும். மிஞ்சுவது 1,030. பன்னிரண்டு மாதத்துக்கு 12,360. போனஸில் துணி, பட்டாசு, சீர் என்று கரைந்தது 13,000. இப்போது இரண்டு பணமும் ஏறத்தாழ ஒரே அளவுதான் செலவாகியிருக்கின்றன! ஐயா காட்டிய பெரிய வேறுபாடு காணாமல் போகிறது.

இரண்டாவது இன்னும் ஆழமானது. தேலர் கேள்வியில் மாதம் 200 என்பது ஓராண்டோடு நின்றுவிடும். கணக்கரின் 2,000 நிற்காது. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் வரும். நிலையாக வரப்போகும் பணத்தைத் தயங்காமல் செலவு செய்வதில் விசித்திரம் ஏதும் இல்லை. பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1957 இலேயே சொன்னது அதுதானே? அதற்கு அறைகளும் பெட்டிகளும் தேவையில்லை.

பொருளியல்_வாத்தியார்

இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை உண்டு. கணக்கருக்குப் போனஸும் ஆண்டுதோறும் வருகிறது; தீபாவளிக்கு வரும் என்பது அவருக்குப் பங்குனியிலேயே தெரியும். ஃபிரீட்மன் சொன்னபடி நடப்பவராக இருந்தால், அதையும் நிலையான வருமானமாகக் கொண்டு சித்திரையிலிருந்தே மாதம் 2,000 கூடுதலாகச் செலவு செய்து, தீபாவளியன்று ஈடுகட்டியிருக்க வேண்டும். அப்படி யாரும் செய்வதில்லை.

காட்பாடி_சந்தேகி

செய்வதில்லையா, செய்ய முடிவதில்லையா? முன்கூட்டிச் செலவு செய்யக் கடன் வேண்டும். நம் ஊரில் தினக்கூலிக்காரருக்கு மாதம் 2 வட்டிக்குக் குறைந்து யார் கொடுப்பார்கள்? கையில் பணம் வந்த பிறகு வாங்குவது மனத்தின் கோளாறு அன்று, வட்டியின் கொடுமை.

பொருளியல்_வாத்தியார்

இதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு விளக்கங்களும் ஒரே நடத்தையைத்தான் காட்டுகின்றன. வெளியிலிருந்து பார்த்துப் பிரித்துச் சொல்வது கடினம். பிரிக்க ஒரு வழி, கையில் சேமிப்பு இருக்கும்போதே போனஸுக்காகக் காத்திருப்பவர்களைப் பார்ப்பது. தபால் நிலையத்தில் 40,000 வைத்துக்கொண்டு, ஆறு மாதமாகக் கெட்டுக் கிடக்கும் மெஷினை மாற்றாமல், துணியைக் கையால் துவைத்துக்கொண்டு போனஸுக்காகக் காத்திருப்பவரைக் கடன் நெருக்கடியால் விளக்க முடியாது.

வாலாஜா_கணக்கர்

ஐயா, அது நாங்கள்தான். மெஷின் கெட்டது சித்திரையில். அப்போது தபால் நிலையத்தில் 31,000 இருந்தது. அதை எடுக்கலாம் என்று நான் சொல்லவும் இல்லை, மனைவி நினைக்கவும் இல்லை. அது மகளின் கல்லூரிக்கு.

குடியாத்தம்_அக்கா

நான் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் லுங்கி நெய்யும் இடத்தில் கூலிக்குப் போகிறார். நீங்கள் சேமிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களிடம் இருப்பது கடன்.

எங்கள் வீட்டில் நான்கு கிராம் கம்மலும் ஒரு மோதிரமும் அடகில் இருக்கின்றன. வாங்கியது 20,000, வட்டி 2 ரூபாய், மாதம் 400. போன ஆண்டுத் தீபாவளிக்கு அவருக்குப் போனஸ் 18,000 வந்தது. அதில் டிவி வாங்கினார். இன்றைக்குப் பதினான்கு மாதம் ஆகிறது; அதற்குப் பிறகு மட்டும் 5,600 ரூபாய் வட்டியாகக் கட்டியிருக்கிறோம். போனஸை அடகுக் கடையில் கட்டி, மிச்சமாகும் வட்டி 360 ரூபாயை மாதாமாதம் டிவிக்குச் சேர்த்திருந்தால் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். போனஸில் போய் யாராவது அடகைத் திருப்புவார்களா, அதைச் சம்பளத்தில்தான் திருப்ப வேண்டும் என்றார் அவர். ஐயா சொல்லும் அறை இதுதானா?

பொருளியல்_வாத்தியார்

இதுவேதான் அம்மா. கடனுக்கு ஒரு பெட்டி, போனஸுக்கு ஒரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே கதவு இல்லை. ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி ஓடும்போது, 18,000 ரூபாய்க்கு அந்தச் சுவரின் விலை மாதம் 360 ரூபாய். மனக்கணக்கின் கேடு இங்கேதான் துல்லியமாகத் தெரிகிறது. ஒரு வீட்டில் இது நடக்கிறதா என்று அறிய வேறு சோதனை வேண்டாம். வட்டி கட்டும் கடனும், தொடாத சேமிப்போ புதிதாக வாங்கிய பொருளோ ஒரே நேரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

குடியாத்தம்_அக்கா

கேடு என்று ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள் ஐயா. முந்தைய ஆண்டுப் போனஸில் நகையைத் திருப்பத்தான் செய்தோம். கார்த்திகையில் வீட்டுக்கு வந்தது. தையில் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனபோது கேட்காமலே மறுபடியும் கடைக்குப் போனது. திருப்பிய நகை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் பணம். டிவியை யாரும் அடகு பிடிப்பதில்லை. அவர் அதை வாங்கியதற்குக் காரணம் கேட்டபோது, இதுவாவது வீட்டில் நிற்கட்டும் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை.

பொருளியல்_வாத்தியார்

நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். தேலரும் ஷெஃப்ரினும் இந்த அறைகளைத் தவறு என்று மட்டும் எழுதவில்லை. தன்னையே நம்பாதவர் தன் கைக்குப் போட்டுக்கொள்ளும் கட்டு என்றும் எழுதினார்கள். மாதம் 360 அந்தக் கட்டுக்கான கூலி. கூலி அதிகமா என்பதை உங்கள் வீட்டுக்காரர்தான் சொல்ல முடியும். அதிகம் என்பது என் எண்ணம். உங்கள் குழுவிலேயே குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி அடகைத் திருப்பினால், அந்தத் தவணை நகையை விடக் கடினமான கட்டாக இருக்கும்.

ஆம்பூர்க்காரன்

தீபாவளிச் சீட்டும் இதே கட்டுதானே? மாதம் 1,000 கட்டினால் பதினோராம் மாதம் மளிகை, பட்டாசு, பாத்திரம். வட்டி ஒரு பைசா கிடையாது. ஆனாலும் சனங்கள் வரிசையில் நின்று சேருகிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படிப் பிடித்துவிட்டு இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனார். மறு ஆண்டே வேறொருவரிடம் சேர்ந்தார்கள்.

காட்பாடி_சந்தேகி

கணக்கரிடம் ஒரு வேண்டுகோள். போனஸ் குறைவாக வந்த ஆண்டு ஏதாவது உங்கள் நோட்டில் இருக்கிறதா? போனஸ் இல்லாவிட்டாலும் தீபாவளிக்குத் துணி எடுத்திருப்பீர்கள். அந்தத் துணிக்காசைப் போனஸின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. குறைவாக வந்த ஆண்டில் எது சுருங்கியது, எது சுருங்கவில்லை என்று பார்த்தால்தான் போனஸ் உண்மையில் எதை வாங்குகிறது என்பது தெரியும்.

வாலாஜா_கணக்கர்

2020 நோட்டைத் தேடி எடுத்தேன். ஊரடங்கில் ஆர்டர் இல்லாமல் போன ஆண்டு. போனஸ் 9,000 தான் வந்தது, 2019 இல் வாங்கியது 19,000. வரிசையாக எழுதுகிறேன்.

துணி 2019 இல் 6,200, 2020 இல் 5,400. பட்டாசு, பலகாரம் 2,600 இலிருந்து 2,100. 2019 இல் பீரோ வாங்கியிருக்கிறேன், 7,500. 2020 இல் பொருள் ஏதும் இல்லை. தபால் நிலையத்துக்கு 2019 இல் 2,700, 2020 இல் 1,500. ஆக, போனஸ் 10,000 குறைந்தபோது துணியும் பலகாரமும் 1,300 தான் குறைந்திருக்கின்றன. மீதி 8,700 ரூபாயும் பீரோவிலும் சேமிப்பிலும்தான் விழுந்திருக்கிறது.

காட்பாடி_சந்தேகி

அப்படியானால், 24,000 வந்த ஆண்டில் போனஸ் இல்லாமலிருந்தாலும் துணிக்கும் பட்டாசுக்கும் பெரும்பகுதியை எப்படியாவது புரட்டியிருப்பீர்கள். போனஸ் உங்களுக்கு வாங்கிக் கொடுத்தது பெரும்பாலும் வாஷிங் மெஷினைத்தான். இது ஐயாவின் பக்கத்துக்கு வலு சேர்க்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2020 எல்லோரும் வீட்டுக்குள் இருந்த ஆண்டு; கடைக்குப் போகவே பயந்த ஆண்டின் துணிச்செலவை எடுத்துக்காட்டாகக் கொள்ளத் தயங்குகிறேன். பணம் குறைந்ததால் சுருங்கியதா, பயத்தால் சுருங்கியதா?

வாலாஜா_கணக்கர்

பயத்தால் என்றால் துணிதானே அதிகம் சுருங்கியிருக்க வேண்டும்? அது சுருங்கவில்லையே. பீரோவைத்தான் வாங்காமல் விட்டோம். அதையும் முந்தைய ஆண்டே வாங்கிவிட்டோம் என்பதால்கூட இருக்கலாம். இதை மனைவியிடம் காட்டினேன். போனஸில் கை தாராளம் என்று சொன்னதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் மாதம் 2,000 எங்கே போகிறது என்பதை இந்த மாதத்திலிருந்து தானே எழுதப் போவதாகச் சொல்லி நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஷிப்ட்_பி

அண்ணா, சம்பளச் சீட்டைப் பார்த்தேன். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 16,500 தான் வருகிறது. தனி இழை தொடங்கியிருக்கிறேன், வாருங்கள்.